ஒரு லட்சத்துக்கு மாதம் இருபத்தைந்தாயிரம்: அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

2020 செப்டம்பர் முதல் 2022 மே வரை, கொரோனாவில் ஊரே வருமானமின்றித் தவித்த காலத்தில், ஒரு நிறுவனம் தமிழ்நாட்டு மக்களிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டியது. பணம் கொடுத்தவர்கள் 1,09,255 பேர். இவை மாநிலப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் சொன்ன கணக்கு. நிறுவனத்தின் பெயர் ஆருத்ரா கோல்டு டிரேடிங் பிரைவேட் லிமிடெட். சென்னை அமைந்தகரையில் தலைமை அலுவலகம், ஆரணி, செய்யாறு என்று வடமாவட்டங்களில் கிளைகள். போட்ட பணத்துக்கு மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொன்னார்கள். 2022 மே மாதம் வழக்கு பதிவாகிச் சோதனைகள் நடந்த பிறகுதான் பெரும்பாலானோருக்கு விஷயமே புரிந்தது.

மொத்தத் தொகையை ஆட்கணக்கால் வகுத்தால் தலைக்குச் சராசரி 2 லட்சத்து 23 ஆயிரம் ரூபாய் வருகிறது. கோடீஸ்வரர்கள் விளையாட்டாகப் போட்டுப் பார்த்த பணம் இல்லை இது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது, நகையை அடகு வைத்துப் புரட்டியது, பணி ஓய்வில் வந்தது போன்ற அளவுள்ள தொகை.

இது முதல் சம்பவமும் இல்லை. தொண்ணூறுகளில் தேக்கு மரம் வளர்த்துத் தருகிறோம் என்று அனுபவ் பிளான்டேஷன்ஸ் வந்தது. 2008, 2009-ல் திருப்பூரில் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி வசூலித்தது. 2012-ல் பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை கவிழ்ந்தது. அதன்பின் காட்பாடியில் எல்.என்.எஸ்., சென்னையில் ஹிஜாவு என்று வரிசை நீண்டது. எல்.என்.எஸ். மாதம் 6 முதல் 10 சதவீதமும், ஹிஜாவு மாதம் 15 சதவீதமும் தருவதாகச் சொன்னதாக வழக்குகள். தேக்கு, டாலர், ஈமு, தங்கம் என்று சரக்குதான் மாறியது. இன்னும் பத்து ஆண்டு கழித்து வேறு ஏதாவது பெயரில் வரும்.

ஆகவே சரக்கைப் பார்த்து ஏமாறாமல் இருக்க முடியாது. வட்டியைப் பார்க்க வேண்டும், பிறகு அனுமதியைப் பார்க்க வேண்டும்.

முதலில் வட்டி. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வட்டிக் கணக்கு மாதக் கணக்குதான். ‘ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்’, ‘மூணு வட்டிக்குக் கொடுத்திருக்கான்’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு, மூன்று ரூபாய் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து வட்டி என்றால் கந்து வட்டி என்று ஊரே சபிக்கும். அந்த அநியாய வட்டியைத் தடுக்க 2003-ல் தனிச் சட்டமே வந்தது. அப்படியிருக்க, ஒரு நிறுவனம் பொதுமக்களுக்கு இருபத்தைந்து வட்டி ‘கொடுக்கிறேன்’ என்கிறது. அதாவது கந்து வட்டிக்காரர் கடன்காரரிடம் பிடுங்குவதைவிட இரண்டரை மடங்கு. இதைக் கொடுக்க வேண்டுமானால், அந்த நிறுவனம் அதே பணத்தை வைத்து மாதம் இருபத்தைந்துக்கும் மேல் சம்பாதித்தாக வேண்டும். அப்படிச் சம்பாதிக்கும் தொழில் ஒன்று கையில் இருந்தால், வங்கியில் பன்னிரண்டு, பதினான்கு சதவீத ஆண்டு வட்டிக்குக் கடன் வாங்கி மொத்த லாபத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டுக் கதவைத் தட்டி லாபத்தில் பங்கு கொடுக்க என்ன அவசியம்?

இந்த இடத்தில் ஏஜென்ட் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். ‘போன மாசம் என் அக்கவுன்ட்டுல வட்டி வந்துச்சுண்ணே, பாருங்க.’ போனைத் திறந்து காட்டுவார். அதில் பொய் இருக்காது. வட்டி உண்மையிலேயே வந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நூறு பேர் தலைக்கு ஒரு லட்சம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி ரூபாய் சேர்ந்தது. இதில் ஏஜென்ட்களுக்கு நூற்றுக்கு ஐந்து கமிஷன் போனால் 95 லட்சம் மிச்சம். மாத வட்டி 25 சதவீதம், அதாவது 25 லட்சம். முதல் மாதம் கொடுத்தபின் 70 லட்சம், இரண்டாம் மாதம் 45, மூன்றாம் மாதம் 20. நான்காம் மாதம் கொடுக்கப் பணம் போதாது. கவனியுங்கள், இந்தக் கணக்கில் யாரும் ஒரு ரூபாய்கூடத் திருடவில்லை. அலுவலக வாடகை, கார், ஹோட்டல் கூட்டம், இயக்குநரின் வீடு எதையும் சேர்க்கவில்லை. மூன்று மாதம் வட்டி கிடைத்தவர்கள் உண்மையில் தங்கள் பணத்தையே தவணையாகத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

நான்காம் மாதமும் கடை திறந்திருக்க வேண்டுமானால் புது ஆள் வேண்டும். பழைய நூறு பேருக்கு மாதம் 25 லட்சம் கொடுக்க, தலைக்கு ஒரு லட்சம் கட்டும் 25 புதியவர்கள் வேண்டும். அடுத்த மாதம் 125 பேருக்கு வட்டி, ஆகவே இன்னும் 31 பேர். இப்படி மாதத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் ஆள் கூடிக்கொண்டே போக வேண்டும். ஓராண்டு முடிவில் நூறு பேர் 1,455 பேராகியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டில் 21,000 பேர். மூன்றாண்டில் மூன்று லட்சம் பேர். ஐந்தாம் ஆண்டு முடிவில் ஆறரைக் கோடி பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். நடத்துபவர் உத்தமராக இருந்தாலும் இந்தத் திட்டம் நிற்காது. அது எந்த மாதத்தில் விழும் என்பது மட்டுமே தெரியாது.

ஆருத்ராவின் அளவுக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2,438 கோடிக்கு மாதம் 25 சதவீதம் என்றால் 600 கோடிக்கும் மேல் ஆகிறது. மாதாமாதம் அத்தனை கோடி லாபம் தரும் தங்க வியாபாரம் எங்கேயும் கிடையாது.

இதனால்தான் இத்தகைய நிறுவனங்கள் வட்டியைவிட ஆள் சேர்ப்பதில் அதிக அக்கறை காட்டுகின்றன. கட்டிய ஒவ்வொருவரும் கமிஷனுக்காக இன்னும் நாலு பேரைக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறார்கள். நூறு ரூபாய் டெபாசிட் பிடித்தவருக்குச் சட்டப்படியான நிதி நிறுவனம் இரண்டு ரூபாய்க்கு மேல் தரகு கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்தியிருக்கிறது. டெபாசிட் போடுபவருக்குத் தங்கக் காசு, வெள்ளிக் குத்துவிளக்கு என்று பரிசு கொடுக்கவும் அந்த நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. ஆக, தரகு அதிகமாகவும் பரிசு தாராளமாகவும் இருக்கிற இடம் என்றால், வட்டி விகிதத்தை விசாரிக்கும் முன்பே எழுந்து வந்துவிடலாம்.

சுசி ஈமு திட்டத்தில் இதே உண்மை இன்னும் பச்சையாகத் தெரிந்தது. ஒன்றரை லட்சம் கட்டினால் ஈமு குஞ்சுகள் தருவார்கள், கொட்டகை போட்டுத் தருவார்கள், தீவனம் தருவார்கள், வளர்ப்புக் கூலியாக மாதாமாதம் பணமும் தருவார்கள், கடைசியில் கட்டிய தொகையும் திரும்ப வரும் என்றார்கள். கொங்கு வட்டார விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். பிறகு பறவையை வளர்க்கவே வேண்டாம், பணத்தை மட்டும் கட்டுங்கள் போதும் என்றொரு திட்டமும் வந்தது. அதில் மாத வருமானம் குறையவில்லை. பறவை இல்லாமலே பறவையின் லாபம் வருகிறது என்றால் தொழில் பறவை இல்லை என்பது அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். 2012-ல் எல்லாம் கவிழ்ந்தபோது, பட்டினி கிடந்த ஈமுக்களுக்கு அரசு தீவனம் போட வேண்டி வந்தது.

இனி அனுமதி.

ஏஜென்ட் ஒரு கோப்பு வைத்திருப்பார். அதில் கம்பெனி பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. சான்று, பான் அட்டை நகல், ஐ.எஸ்.ஓ. சான்று, உள்ளாட்சித் தொழில் உரிமம் எல்லாம் பளபளவென்று உறையில் இருக்கும். ‘எல்லாமே கவர்மென்ட்ல பதிவு பண்ணது சார்’ என்பார். அதுவும் உண்மைதான். ஆனால் இவற்றில் ஒன்றுகூடப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி தருவதில்லை. கம்பெனிப் பதிவு என்பது பிறப்புச் சான்று மாதிரி. பிறந்ததற்குத்தான் அது ஆதாரம், வண்டி ஓட்ட உரிமம் ஆகாது. ஜி.எஸ்.டி. எண் வரி கட்டுவதற்கு. ஐ.எஸ்.ஓ. சான்று நிர்வாக நடைமுறைக்குத் தனியார் அமைப்புகள் தருவது. இந்தக் கோப்பைப் பார்த்துத் திருப்தி அடைந்தவர்களில் படித்தவர்களும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் ஏராளம். அவர்கள் பேராசைப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அரசாங்க முத்திரையை நம்பினார்கள் என்பதுதான் பாதி உண்மை.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்? அந்த அனுமதிக் கடிதம் எங்கே?’

2019-ல் வந்த ஒழுங்குமுறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டத்தின் அடிப்படையே இதுதான். ஒரு டெபாசிட் திட்டம் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் வர வேண்டும். வராவிட்டால் அது தொடங்கும்போதே சட்டவிரோதம். பணம் திரும்பி வராமல் போன பிறகுதான் குற்றம் என்றில்லை. வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதும் அது குற்றமே. வங்கிகளும் டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனங்களும் ரிசர்வ் வங்கியின் கீழ் வருகின்றன. பலரிடம் பணம் திரட்டிக் கூட்டாக முதலீடு செய்யும் திட்டங்கள் செபியின் கீழ் வருகின்றன. நிதி கம்பெனிகள் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழும், சீட்டு நிறுவனங்கள் மாநிலச் சீட்டுப் பதிவாளரின் கீழும், கூட்டுறவுச் சங்கங்கள் கூட்டுறவுப் பதிவாளரின் கீழும் வருகின்றன. சொந்த பந்தங்களிடம் கைமாற்று வாங்குவதை இந்தச் சட்டம் தொடுவதில்லை.

இதை வைத்து ஒரு திட்டத்தைச் சோதித்துப் பார்ப்போம். ஆரணிப் பக்கம் ஒரு பட்டு நெசவாளரிடம் மைத்துனர் ஒரு நோட்டீஸ் கொண்டுவருகிறார். லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம், பத்து மாதம் கழித்து அசலும் திரும்ப வரும் என்று போட்டிருக்கிறது. நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர்தான். அது போதாது. ரசீது யார் பெயரில் வரும், பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்று முதலில் கேட்க வேண்டும். பதில் ஒரு தனிநபரின் கணக்கு எண் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ‘ரொக்கமாகக் கொடுங்கள்’ என்றாலும் அப்படித்தான். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள டெபாசிட்டை ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டத்தின் நெடுநாள் விதி.

ரசீதில் வரும் பெயரின் வால் பகுதியைப் பார்க்க வேண்டும். ‘அன் கோ’, ‘எண்டர்பிரைசஸ்’ என்று முடிந்து, அது தனியொருவரின் கடையாகவோ கூட்டு வியாபாரமாகவோ இருந்தால், அவர்கள் நிதித் தொழில் நடத்திப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதை ரிசர்வ் வங்கிச் சட்டமே தடுக்கிறது. ‘பிரைவேட் லிமிடெட்’ என்று முடிந்தால், கம்பெனிச் சட்டப்படி அது பொதுமக்களிடம் டெபாசிட் கேட்கவே முடியாது. அந்த உரிமை, நூறு கோடி நிகர மதிப்போ ஐந்நூறு கோடி விற்றுமுதலோ உள்ள பப்ளிக் கம்பெனிகளுக்குத்தான் உண்டு. அதற்கும் தரமதிப்பீடு உள்ளிட்ட நிபந்தனைகள் இருக்கின்றன. ஆருத்ரா கோல்டு டிரேடிங் பிரைவேட் லிமிடெட் என்ற முழுப் பெயரில் கடைசி இரண்டு சொற்களை மட்டும் ஒருவர் விசாரித்திருந்தால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரசீதுகளில் ஒன்று குறைந்திருக்கும்.

அடுத்தது mca.gov.in என்ற அமைச்சகத் தளம். கம்பெனியின் அடிப்படை விவரத்தை அங்கே இலவசமாகப் பார்க்கலாம். பெயரைத் தட்டினால் 21 எழுத்து, எண்கள் கொண்ட ஓர் அடையாள எண் வரும். அதன் நடுவில் TN2021PTC என்று இருந்தால், தமிழ்நாட்டில் 2021-ல் பதிவான பிரைவேட் கம்பெனி என்று பொருள். ‘இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கோம்’ என்ற பேச்சு அந்த நான்கு இலக்கத்தில் அடிபட்டுப் போகும். அதே பக்கத்தில் செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு என்றும், கடைசியாக எப்போது இருப்புநிலைக் குறிப்பு தாக்கல் செய்தார்கள் என்றும் இருக்கும். ஒரு லட்சம் ரூபாய் மூலதனம் போட்ட கம்பெனி ஊரிடம் கோடிக்கணக்கில் கேட்கிறது என்றால், நட்டம் வரும்போது இழக்கப்போவது யார் பணம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நூறு ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்களையே திறந்து பார்க்கலாம். ஊரெல்லாம் வசூலித்த டெபாசிட் அந்தக் கணக்கில் இல்லாமல் இருந்தால் அதுவே போதிய விடை.

‘நாங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனம்’ என்று சொன்னால் சோதனை இன்னும் ஒரு படி போக வேண்டும். ரிசர்வ் வங்கியில் பதிவான வங்கி சாரா நிதி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க உரிமை பெற்றவை மிகமிகச் சில. மற்றவை தங்கள் சொந்தப் பணத்திலும் வங்கிக் கடனிலும் கடன் கொடுக்கத்தான் பதிவு பெற்றிருக்கின்றன. ஏஜென்ட் காட்டும் பதிவுச் சான்று உண்மையானதாகவே இருக்கலாம். டெபாசிட் உரிமை அதில் இருக்காது. டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் தனியாக உண்டு. sachet.rbi.org.in என்ற தளத்திலும் தேடலாம். 2016-ல் தொடங்கிய இந்தத் தளத்தில் யாரிடம் எந்த அனுமதி இருக்கிறது என்று பார்க்கலாம், சந்தேகமான திட்டம் பற்றிப் புகாரும் கொடுக்கலாம்.

அனுமதி பெற்ற நிதி நிறுவனத்துக்கும் எல்லைகள் உண்டு. ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கக் கூடாது. டெபாசிட் காலம் குறைந்தது 12 மாதம், அதிகபட்சம் 60 மாதம். இவை நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே சரிபார்க்கக்கூடிய விஷயங்கள். மைத்துனர் கொண்டுவந்த திட்டம் பத்து மாதத்தில் முடிகிறது, ஆண்டுக்கு 120 சதவீதம் தருகிறது. எந்தத் தளத்தையும் திறக்காமலே அது எந்த அனுமதிக்குள்ளும் அடங்காது என்று தெரிந்துவிடுகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டரை என்பதை மாதத்துக்கு மாற்றினால் ஒரு வட்டியும் கொசுறும்தான். டெபாசிட்டுக்கு இரண்டு வட்டி தருகிறேன் என்று யார் சொன்னாலும், இந்த நாட்டில் உரிமம் பெற்ற எவரும் அதைச் சொல்ல முடியாது.

இந்தத் தடையெல்லாம் நடத்துபவர்களுக்கும் தெரியும். ஆகவே டெபாசிட் என்ற சொல்லையே அவர்கள் தவிர்ப்பார்கள். முத்திரைத்தாளில் ‘கைமாற்றுக் கடன்’ என்று எழுதித் தருவார்கள். ‘தங்கம் வாங்க முன்பணம்’, ‘மனைக்கு அட்வான்ஸ்’, ‘வியாபாரக் கூட்டாளி ஒப்பந்தம்’ என்று பத்திரம் போடுவார்கள். என்ன பெயர் வைத்தாலும், பணத்தை வாங்கிக்கொண்டு பணமாகவோ வேறு வடிவிலோ திருப்பித் தருவதாகச் சொன்னால் சட்டத்தின் கண்ணில் அது டெபாசிட்டாகலாம். பொருளுக்கு முன்பணம் என்று கம்பெனி வாங்கினால் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும். நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் பதினோரு மாதத்தில் முடிவதற்குக் காரணம் இந்த விதிதான். அங்கே கடைசியில் கைக்கு வருவது நகை. மாதாமாதம் ‘வட்டி’ கொடுக்கும் நகைக்கடை என்றால் அது வேறு கதை.

சீட்டுக்கு வந்தால் விசாரிப்பது சுலபம். ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் பதிவாளரின் முன் அனுமதி வேண்டும், தொடங்குவதற்குத் தனிச் சான்று வேண்டும். கம்பெனிக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், தான் சேரப்போகும் குறிப்பிட்ட குழுவின் எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு என்று தெருவில் பிடிப்பவர்களிடம் இந்த எண் இருக்காது.

பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் பணம் பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-ல் தொடங்கிய நிதி நிறுவனம். மூன்று தலைமுறை மூத்த குடிமக்கள் நம்பிப் பணம் போட்ட இடம். நிதி கம்பெனி என்ற முறையில் சட்டத்துக்கு உட்பட்டது, வட்டியும் ஊரை மிரட்டும் அளவில் இல்லை. ஆனாலும் முதிர்வுத் தொகை வராமல் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். அனுமதி இருக்கிறதா என்ற சோதனை சட்டவிரோதத் திட்டங்களை வடிகட்டும். நிர்வாகத்தின் நேர்மைக்கு அது உத்தரவாதம் தராது. வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. நிதி கம்பெனிக்கும் வங்கி சாரா நிதி நிறுவனத்துக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. நிதி நிறுவனங்களின் டெபாசிட்டைத் திருப்பித் தருவதற்குத் தான் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியும் வெளிப்படையாகவே சொல்கிறது. மொத்தச் சேமிப்பையும் ஒரே இடத்தில் போட்ட முதியவர்கள்தான் மயிலாப்பூரில் அதிகம் தவித்தார்கள்.

கட்டிவிட்டவர்கள் நிலை என்ன? தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாளிதழ்கள் டான்பிட் சட்டம் என்று எழுதுவது இதைத்தான். புகார் வந்தால் அரசு நிறுவனத்தின் சொத்தை முடக்கும், மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில் உள்ள அதிகாரி பொறுப்பேற்பார், சிறப்பு நீதிமன்றம் உறுதி செய்தபின் ஏலம் விட்டு, கிடைத்த தொகையை விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் கையில் சிக்கிய சொத்தைத்தான் பிரிக்க முடியும். பெரும் பகுதி ஏற்கெனவே வட்டியாகவும் கமிஷனாகவும் போயிருக்கும். காலமும் ஆகும். பாசி நிறுவனம் 2009-ல் நின்றது. சுமார் 930 கோடி ரூபாய் வழக்கில் கோவை டான்பிட் நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது 2022 ஆகஸ்டில்.

தாமதத்துக்கு முதலீட்டாளர்களும் ஒரு காரணம் என்று சொன்னால் வருத்தப்படுவார்கள், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. வட்டி நின்ற முதல் மாதத்தில் யாரும் புகார் கொடுப்பதில்லை. ‘சர்வர் மாத்துறாங்க’, ‘ஆடிட் நடக்குது’, ‘அக்கவுன்ட் முடங்கியிருக்கு, அடுத்த மாசம் சேர்த்துக் கொடுத்துடுவாங்க’ என்ற சமாதானங்களை நம்பிக் காத்திருப்பார்கள். புகார் கொடுத்தால் கம்பெனி மூடிவிடும், பிறகு யாருக்கும் கிடைக்காது என்று ஏஜென்ட் பயமுறுத்துவார். 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில், விளம்பரம் பார்த்தால் பணம் என்ற மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது வழக்கு பதிவானதும், அதற்கு ஆதரவாகவே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். வந்துகொண்டிருக்கிற வட்டியைப் போலீஸ் வந்து கெடுக்கிறது என்றுதான் அந்த நிலையில் உள்ளவர்களுக்குத் தோன்றும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் சொத்து கைமாறுவதற்கும் ஆள் வெளிநாடு போவதற்கும் கிடைக்கும் அவகாசம்.

மைத்துனர் நிலை இன்னும் சிக்கல். தானும் பணம் கட்டியவர்தானே, தானும் ஏமாந்தவர்தானே என்று அவர் நினைப்பார். 2019 சட்டத்தின்படி, அனுமதியில்லாத திட்டத்தில் சேரச் சொல்லி அடுத்தவரைத் தூண்டுவதே தனிக் குற்றம். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும், பத்து லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். கமிஷன் வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கே சாட்சி. ஆருத்ரா வழக்கில் இயக்குநர்களோடு ஏஜென்ட்களும் கைதானார்கள். நாலு உறவினரைச் சேர்த்துவிட்டவருக்குப் பணம் போனதோடு முடிவதில்லை, சொந்த ஊரில் நடமாட முடியாமலும் போகிறது.

சிக்கிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது இது. வட்டி ஒரு மாதம் தவறினாலே மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள். ரசீது, பத்திரம், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், கூட்டத்துக்கு அழைத்த நோட்டீஸ் எல்லாவற்றையும் நகலெடுத்து இணையுங்கள். வட்டியாக இதுவரை வாங்கிய தொகையை மறைக்காமல் எழுதுங்கள். அது எப்படியும் கணக்கில் தெரியும். ‘செட்டில்மென்ட்டுக்கு வேணும், அசல் பாண்டைக் கொடுங்க, புதுசு போட்டுத் தர்றோம்’ என்று ஏஜென்ட் வருவார். போலீஸுக்கோ நீதிமன்றத்துக்கோ ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுப்பது தவிர, அசல் பத்திரத்தை வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள். சொத்து ஏலம் போய்ப் பணத்தைப் பிரிக்கும் நாளில், பணம் கட்டியதற்கு உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அந்தத் தாள்தான்.